4.60 லட்சம் ரூபாய் வித்தியாசத்துக்குள் என்ன இருக்கிறது?

ஜிஎஸ்டி தணிக்கைக்கு வரும் அதிகாரி முதலில் ஒப்பிடுவது இரண்டு எண்களை. ஒன்று, அந்த நிறுவனம் ஓராண்டில் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரி வரவு. மற்றொன்று, அதற்குச் சரக்கு கொடுத்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அரசிடம் காட்டியிருக்கும் வரி. முதல் எண் பெரிதாக இருந்தால், வித்தியாசத்தை வட்டியோடு கட்டச் சொல்லி ஒரு தாள் வரும். அந்தத் தாளைப் பார்த்ததும் சில முதலாளிகள் பயந்து முழுவதையும் கட்டிவிடுகிறார்கள். சிலர் "பில் எல்லாம் இருக்கிறது, பணமும் கொடுத்துவிட்டோம்" என்று இரண்டு வரியில் பதில் எழுதி வழக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டுமே தவறு என்பது என் உறுதியான கருத்து. அந்த வித்தியாசம் பார்ப்பதற்கு ஒரே தொகைதான். உள்ளே பல தனித்தனிக் கணக்குகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சட்டம் சொல்லும் பதில் வேறு.

வியாபாரிகள் 'இன்புட்' என்று சுருக்கமாகச் சொல்வதுதான் இந்த வரவு. பனியன் தயாரிப்பவர் நூல் வாங்கும்போது அதன் விலையோடு ஜிஎஸ்டியும் சேர்த்துக் கொடுக்கிறார். பனியனை விற்கும்போது வாங்குபவரிடம் வரி வசூலிக்கிறார். வசூலித்ததிலிருந்து, தான் ஏற்கெனவே கொடுத்ததைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் அரசுக்குக் கட்டுகிறார். கழிக்கும் தொகையை மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ரிட்டர்னில் அவரேதான் எழுதுகிறார். அதில் பில் விவரம் எதுவும் கிடையாது, மொத்தத் தொகை மட்டுமே.

பில் விவரம் இருப்பது நூல் விற்றவரின் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னில். யாருக்கு, எந்த எண் பில்லில், எவ்வளவு வரி என்று அவர் எழுதுவதை இணையதளம் வாங்கியவரின் கணக்கில் 2ஏ, 2பி என்ற இரண்டு பட்டியல்களாகக் காட்டுகிறது. விற்றவர் பிறகு எதையாவது சேர்த்தாலும் திருத்தினாலும் 2ஏ மாறிக்கொண்டே இருக்கும். 2பி ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி உருவாகும், விற்றவர் அதன்பின் செய்யும் மாற்றங்களால் அது மாறாது.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி தொடங்கியபோது, விற்றவர் எழுதியதையும் வாங்கியவர் எழுதியதையும் பில் பில்லாக இணையதளமே ஒத்துப் பார்ப்பதாகத்தான் திட்டம். அதற்கான இரண்டு படிவங்கள் சில மாதங்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டன. தற்காலிகமாக வந்த 3பி நிலைத்துவிட்டது. எந்திரம் செய்திருக்க வேண்டிய வேலை அப்படித்தான் கணக்கரின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கம்பெனியும் தொகைகளும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. 2022-23 நிதியாண்டுக்கு 2025இல் தணிக்கை வருகிறது. ஏடிடி-01 என்ற அறிவிப்பு, தணிக்கைக்குக் குறைந்தது 15 வேலை நாட்களுக்கு முன்பே தரப்பட வேண்டும். தணிக்கை தொடங்கியபின் மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும். ஆணையர் அனுமதித்தால் மேலும் ஆறு மாதம் நீளலாம். கம்பெனி 3பியில் எடுத்த இன்புட் 48,60,000 ரூபாய். பன்னிரண்டு மாத 2பியையும் கூட்டினால் 44,00,000. வித்தியாசம் 4,60,000.

இந்த 4,60,000 என்ற எண்ணையே முதலில் நம்பக்கூடாது. கழித்து வந்த விடைக்குள் இரண்டு திசையிலும் பிழைகள் ஒன்றையொன்று விழுங்கியிருக்கும். கணக்கர் கொள்முதல் பதிவேட்டை ஒரு பக்கமும் 2பியை மறுபக்கமும் வைத்து பில் பில்லாகப் பார்த்தபோது, கம்பெனி எடுத்திருந்து 2பியில் இல்லாதது 5,10,000 ரூபாய் என்று தெரிந்தது. 2பியில் கழிக்கச் சொல்லியிருந்தும் கம்பெனி கழிக்காத கிரெடிட் நோட்டுகள் 40,000. மறுதிசையில், 2பியில் இருந்தும் கம்பெனி எடுக்காதது 90,000. ஐந்தரை லட்சத்திலிருந்து இந்த 90,000 கழிந்துதான் 4,60,000 ஆகத் தெரிந்திருக்கிறது.

பில் பில்லாகப் பார்ப்பது சொல்வதற்கு எளிது. நூல் கடைக்காரர் தன் ரிட்டர்னில் 'எஸ்டி/0045/22-23' என்று எழுதியிருப்பார், கம்பெனிக் கணக்கர் '45' என்று பதிந்திருப்பார். '3/22' என்ற பில் எண்ணை எக்செல் தானாகவே ஒரு தேதியாக மாற்றி வைத்திருக்கும். ஆகவே முதல் சுற்றில் விற்றவரின் ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, வரி நான்கும் அப்படியே பொருந்துவதைத் தனியே எடுத்துவிட வேண்டும். இரண்டாம் சுற்றில் பில் எண்ணின் முன்னெழுத்துகளையும் பூஜ்யங்களையும் சாய்கோடுகளையும் நீக்கிவிட்டுப் பொருத்த வேண்டும். மூன்றாம் சுற்றில் ஒரே விற்பனையாளர், ஒரே வரித்தொகை என்று தேடி, ஒவ்வொன்றையும் பில்லைக் கையில் எடுத்துப் பார்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு ரூபாய் முழுமையாக்கல் வித்தியாசத்தைப் பொருட்படுத்தத் தேவையில்லை. இவ்வளவுக்கும் பிறகு பொருந்தாமல் நிற்பதுதான் உண்மையான வித்தியாசம்.

அந்த 5,10,000இல் பெரிய பங்கு, 2,10,000, வெறும் காலத்தாமதம். மார்ச் மாத நூல் பில்களை விற்றவர் ஏப்ரல் கடைசியில்தான் ரிட்டர்னில் காட்டியிருக்கிறார். அவை 2023 ஏப்ரல் மாத 2பியில், அதாவது அடுத்த நிதியாண்டின் பட்டியலில் வந்துவிட்டன. கம்பெனியோ மார்ச் 3பியிலேயே எடுத்துக்கொண்டது. 2022 ஜனவரி முதல் 2பியில் வந்தால்தான் எடுக்கலாம் என்று சட்டம் இறுகிவிட்டதால், ஒரு மாதம் முன்னதாக எடுத்தது தவறுதான். ஆனால் அந்த இன்புட் கம்பெனிக்கு உரியது. அதைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை, வட்டி மட்டுமே கேள்வி.

வட்டியும் தானாக வந்துவிடாது. தவறாக எடுத்து, அதைப் பயன்படுத்தியும் இருந்தால்தான் வட்டி. கம்பெனியின் மின்னணு வரவுப் பேரேட்டில் இருப்பு அந்த 2,10,000க்குக் கீழே இறங்கவே இல்லையென்றால், எடுத்தது பயன்படுத்தப்படவில்லை என்றே கணக்கு. இறங்கியிருந்தால், இறங்கிய அளவுக்கு ஆண்டுக்கு 18 சதவீதம். முழுவதும் 30 நாள் பயன்பட்டிருந்தாலும் சுமார் 3,100 ரூபாய்தான் வரும். இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் எங்கே, மூவாயிரத்து நூறு எங்கே! அடுத்த ஆண்டின் ஏப்ரல் 2பியை இணைத்துக் காட்டாத ஒரே காரணத்துக்காக முழுத்தொகையும் கட்டப்படும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதே பில்களை ஏப்ரலில் மறுபடி எடுக்கவில்லை என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அதிகாரி அதைக் கட்டாயம் கேட்பார்.

அடுத்தது 60,000. இது லாரி வாடகைக்கானது. பதிவு பெறாத சரக்கு போக்குவரத்து ஏஜென்சிக்குக் கொடுத்த வாடகைக்கு, வாடகை கொடுத்தவரே அரசுக்கு வரி கட்ட வேண்டும். ரிவர்ஸ் சார்ஜ் என்பது அதுதான். ஏஜென்சி ரிட்டர்னே போடாததால் இந்த வரி 2பியில் வரவே வராது. கம்பெனி முறையாக ரொக்கப் பேரேட்டிலிருந்து கட்டியிருக்கிறது, பிறகு இன்புட்டாக எடுத்திருக்கிறது. ஆனால் 3பியில் அதற்கென்று இருக்கும் வரியில் எழுதாமல், 'மற்ற எல்லா இன்புட்டும்' என்ற வரியில் சேர்த்துவிட்டது. அதிகாரி 2பியோடு ஒப்பிடுவது அந்த வரியைத்தான். கட்டிய வரி அதே 3பியின் 3.1(டி) வரியில் தெரிகிறது. அதையும், கம்பெனி தனக்குத்தானே போட்டுக்கொண்ட பில்களையும் காட்டினால் இந்த 60,000க்கு ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை.

32,000 ரூபாய் கம்பெனியின் சொந்தப் பிழை. பில்லின் அசல் தபாலில் வந்து பதிவாகிவிட்டது. டெம்போ ஓட்டுநர் கொண்டுவந்த போக்குவரத்துப் பிரதியும் இன்னொரு முறை பதிவாகியிருக்கிறது. ஒன்றில் 'ஏ/118', மற்றொன்றில் '118' என்று எழுதியதால் கணக்கு மென்பொருள் எச்சரிக்கவில்லை. அதே இனம்தான் கிரெடிட் நோட்டுகளின் 40,000மும். விற்றவர் விலையைக் குறைத்து வரியையும் குறைத்துக் காட்டியிருக்கிறார். கம்பெனியோ அதைத் தள்ளுபடி வருமானமாக மட்டும் எழுதிவிட்டு வரியைக் குறைக்கவில்லை. இவற்றில் வாதாட ஒன்றுமில்லை, வட்டியோடு திருப்பிக் கட்டிவிட வேண்டும்.

மனம் கனக்கும் இடம் 1,12,000. எலாஸ்டிக் விற்ற ஒருவர் வரியையும் வாங்கிக்கொண்டு, ரிட்டர்ன் போடாமலே கடையை மூடிவிட்டார். கம்பெனியிடம் பில் இருக்கிறது, சரக்கு வந்தது, வங்கி வழியாகப் பணமும் போனது. ஆனால் விற்றவர் பில்லைக் காட்டி அது வாங்கியவருக்குத் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் இன்புட்டுக்கான நிபந்தனைகளில் ஒன்று. 2022-23க்கான இன்புட் எடுப்பதற்கான கடைசி நாள் 2023 நவம்பர் 30. அதுவும் போய்விட்டது. ஜூன் மாதக் கணக்கில் எடுத்து, 2022 ஜூலை 20 அன்று பயன்படுத்திய இந்தத் தொகையை 2025 ஜூலை 20 அன்று கட்டினால், மூன்றாண்டு வட்டி மட்டும் 60,480 ரூபாய். ஒரே வரியை இரண்டு முறை கொடுத்து, அதற்கு மேல் வட்டியும் கொடுப்பதில் நியாயம் இருப்பதாக எனக்குப் படவில்லை. ஆனால் இன்றைய சட்டம் இதுதான்.

இந்த இழப்புக்குப் பயந்து, 2பியில் பில் வரும்வரை வரித்தொகையை மட்டும் பிடித்துவைத்துவிட்டு மீதியைக் கொடுப்பவர்கள் உண்டு. நல்ல வழிதான். ஆனால் பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் முழுத்தொகையும் கொடுக்காவிட்டால், கொடுக்காத பங்குக்கான இன்புட்டையும் திருப்ப வேண்டும் என்று இன்னொரு விதி இருக்கிறது. பிடித்துவைப்பவர் அந்த நாளையும் குறித்துவைக்க வேண்டும்.

மீதி 96,000தான் உண்மையில் விவாதத்துக்கு உரியது. அட்டைப்பெட்டி விற்றவர் ரிட்டர்ன் போட்டிருக்கிறார், வரியும் கட்டியிருக்கிறார். ஆனால் கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதிலாக வேறொருவரின் எண்ணை எழுதிவிட்டார். அரசுக்கு ஒரு காசும் நட்டமில்லை.

இதே பிழை 2018-19இல் நடந்திருந்தால் தீர்வு எளிது. 2022 டிசம்பர் 27 அன்று வந்த 183ஆம் சுற்றறிக்கை, 2017-18, 2018-19 ஆண்டுகளுக்கு இப்படிப்பட்ட தவறுகளைப் பெயர் சொல்லியே பட்டியலிட்டு வழி கொடுத்தது. ஒரு விற்பனையாளரோடு ஓராண்டு வித்தியாசம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அவரிடமே ஒரு சான்றிதழ் வாங்கித் தரலாம். அதற்கு மேல் போனால் பட்டயக் கணக்காளர் அல்லது அடக்கவிலைக் கணக்காளர் சான்று தர வேண்டும். 2023 ஜூலையில் வந்த 193ஆம் சுற்றறிக்கை அந்த வழியை, அப்போதைய உச்சவரம்புகளுக்கு உட்பட்டு, 2021 டிசம்பர் 31 வரை நீட்டியது. அங்கே கதவு சாத்தப்பட்டுவிட்டது. நம் கம்பெனியின் பில் 2022-23ஐச் சேர்ந்தது.

இனி அந்தப் பிழையைத் திருத்தக்கூடியவர் அட்டைப்பெட்டி விற்றவர் மட்டுமே. அவருக்கான கெடுவும் 2023 நவம்பர் 30இல் முடிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2020இல் சன் டை கெம் வழக்கில், ரிட்டர்னில் மனிதத் தவறாக நேர்ந்த பிழையைத் திருத்த அனுமதித்தது. 2025 மார்ச்சில் அபர்டேர் டெக்னாலஜீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும், எழுத்துப் பிழைகளைத் திருத்தும் உரிமையை மறுக்கக்கூடாது என்ற கருத்தைத் தெரிவித்தது. இந்த வழியில் போவதென்றால் விற்றவர்தான் நீதிமன்றம் போக வேண்டும். 96,000 ரூபாய்க்கு அவர் போவாரா, போனால் செலவு யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். தணிக்கைப் பதிலில் இந்தத் தொகையை மற்றவற்றோடு கலக்காமல் தனியாக நிறுத்தி, விற்றவரின் கடிதத்தையும் அவர் வரி கட்டிய 3பியையும் இணைப்பதே சரியென்று நினைக்கிறேன்.

எடுக்காமல் விட்ட 90,000த்தைக் கொண்டு கட்ட வேண்டியதை ஈடுகட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். முடியாது. அதில் 55,000 முதலாளியின் கார் காப்பீடு, விருந்து போன்ற, சட்டமே தடுத்துவைத்திருக்கும் இனங்கள். (2022 நடுவிலிருந்து இவற்றையும் முதலில் எடுத்துக் காட்டிவிட்டு அதே ரிட்டர்னில் திருப்ப வேண்டும் என்பதே முறை. பழைய வழக்கப்படி காட்டாமலே விட்டவர்களின் கணக்கில் மொத்தத் தொகை ஒப்பீடு இதனாலும் பிசகும்.) மீதி 35,000 உண்மையாகவே மறந்துபோன பில்கள். அவற்றுக்கும் கெடு முடிந்துவிட்டது.

இதுவரை பார்த்தது 2பியில் பொருந்தாதவை. பொருந்திவிட்டவற்றுக்குள்ளும் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. விற்றவர் ஜிஎஸ்டிஆர்-1இல் பில்லைக் காட்டிவிட்டு, வரி கட்டும் 3பியைப் போடாமல் விட்டுவிடலாம். 2பி உருவாவது முதலாவதிலிருந்துதான் என்பதால் பில் அழகாகப் பொருந்தி நிற்கும், வரி மட்டும் அரசுக்குப் போயிருக்காது. வரி உண்மையில் செலுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதும் சட்டம் வாங்கியவர் மேல் வைக்கும் நிபந்தனை. நம் கம்பெனியில் இப்படி ஒரு சாயப்பட்டறையின் மூன்று மாத பில்கள், 1,40,000 ரூபாய். அதிகாரியின் வித்தியாசக் கணக்கில் இது இல்லை. ஆனால் 2ஏயில் விற்றவர் 3பி போட்டாரா, அவருடைய பதிவு ரத்தாகிவிட்டதா என்று காட்டும் கட்டங்கள் உண்டு. கணக்கர் 2பியோடு நின்றுவிடாமல் அவற்றையும் பார்த்திருந்தால் தணிக்கைக்கு முன்பே தெரிந்திருக்கும்.

2022 டிசம்பரில் வந்த 37ஏ விதி இதற்கென்றே எழுதப்பட்டது. நிதியாண்டு முடிந்து வரும் செப்டம்பர் 30 வரையிலும் விற்றவர் 3பி போடவில்லையென்றால், வாங்கியவர் நவம்பர் 30க்குள் அந்த இன்புட்டைத் திருப்பிவிட வேண்டும். அந்தக் கெடுவுக்குள் செய்தால் வட்டி இல்லை. தவறினால் வட்டியோடு. விற்றவர் பிறகு போட்டுவிட்டால் வாங்கியவர் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

விற்றவர் செய்த தவறுக்கு வாங்கியவரைப் பிடிப்பது சரியா என்ற கேள்வி தமிழ்நாட்டிலிருந்தே நீதிமன்றம் போயிருக்கிறது. டி.ஒய். பீத்தெல் என்டர்பிரைசஸ் என்ற ரப்பர் ஷீட் வியாபார நிறுவனம் வங்கி வழியாக வரியோடு பணம் கொடுத்திருந்தது. விற்றவர்கள் அதை அரசுக்குக் கட்டவில்லை. திருநெல்வேலி வரி அலுவலர் வாங்கியவர் மேல் உத்தரவிட்டார். 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ரத்துசெய்தது. விற்றவர்களை ஏன் விசாரிக்கவில்லை, அவர்களிடம் ஏன் வசூலிக்க முனையவில்லை என்று கேட்டு, புதிதாக விசாரிக்கச் சொன்னது. மறுபக்கம், கேரள உயர் நீதிமன்றம் 2024இல் எம். டிரேட் லிங்க்ஸ் வழக்கில் இந்த நிபந்தனை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஆகவே தமிழ்நாட்டு வியாபாரி பீத்தெல் தீர்ப்பைத் தன் பதிலில் சுட்டிக்காட்டலாம். அது மட்டுமே போதும் என்று நம்பி உட்காரக்கூடாது.

சரக்கு உண்மையில் வந்தது என்பதற்கான சான்று அப்போதுதான் கைகொடுக்கும். உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் ஈகாம் கில் காஃபி வழக்கில், கர்நாடகத்தின் பழைய வாட் சட்டத்தின்கீழ், பில்லும் காசோலையும் மட்டும் காட்டினால் போதாது, நிரூபிக்கும் சுமை வாங்கியவருடையது என்றது. வண்டி எண், கொடுத்த வாடகை, சரக்கு பெற்றுக்கொண்ட ஒப்புகை எல்லாம் வேண்டும். ஜிஎஸ்டி தணிக்கையிலும் இதையே எதிர்பார்க்கிறார்கள். இ-வே பில், லாரி ரசீது, எடைச்சீட்டு, கேட்டில் எழுதும் வரவுப் பதிவேடு ஆகியவற்றை அந்தந்த பில்லோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கும் கம்பெனி மூன்றாண்டு கழித்துத் தேடி அலைய வேண்டியதில்லை.

இப்போது நம் கம்பெனி அதிகாரிக்குக் கொடுக்கும் பதில் தெளிவாகிறது. 2,10,000 உரியதுதான், பயன்படுத்திய நாட்களுக்கு வட்டி மட்டும். 60,000 வேறு வரியில் எழுதப்பட்டது, ஆதாரம் இணைப்பு. எலாஸ்டிக், இரட்டைப் பதிவு, கிரெடிட் நோட்டு மூன்றும் சேர்ந்த 1,84,000 வட்டியோடு கட்டப்படுகிறது. 96,000 ஒப்புக்கொள்ளப்படவில்லை, காரணம் தனியே. அதிகாரி கேட்காத சாயப்பட்டறை 1,40,000த்தையும் கம்பெனியே சொல்லிக் கட்டிவிடுவது நல்லது என்பேன்.

கட்டும் தொகையை டிஆர்சி-03 படிவத்தில், காரணம் கேட்கும் நோட்டீஸ் வருவதற்கு முன்பே வட்டியோடு கட்டிவிட்டால், மோசடி எதுவும் இல்லாத நிலையில் அபராதம் கிடையாது. நோட்டீஸ் வந்தபின்னும் 30 நாள் அவகாசம் உண்டு. அதையும் தாண்டி உத்தரவு வந்தால் வரியில் 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், எது அதிகமோ அது அபராதம். தணிக்கை முடிந்த 30 நாட்களுக்குள் அதிகாரி தன் முடிவுகளை ஏடிடி-02இல் தெரிவிப்பார். அதில் 96,000 நிலுவையாக நிற்கலாம். சாயப்பட்டறைக்காரர் என்றாவது பழைய 3பியைப் போட்டு வரி கட்டினால், கம்பெனி திருப்பிய 1,40,000த்தை மறுபடி கேட்க முடியும். அந்த மூன்று மாத பில்களையும், டிஆர்சி-03 ஒப்புகையையும் ஒரே கோப்பில் வைத்திருக்க வேண்டும், அவ்வப்போது அவருடைய ரிட்டர்ன் நிலையை இணையதளத்தில் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டும்.